டெல்லிக் குளிரில் ஏசியை ஹீட்டராக ஓட்டினால் எவ்வளவு மிச்சம், எங்கே மக்கர்

டெல்லிக் குளிர் காஷ்மீர்க் குளிர் இல்லை. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம் வரை ராத்திரியில் 5, 6 டிகிரி. சில நாள் அதற்கும் கீழே. சிக்கல் வீடுகளில் இருக்கிறது. இங்கே வீடுகளை வெயிலை மனதில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கால் வைத்தால் சுரீரென்று ஏறும் மார்பிள் தரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி. வெளியே 7 டிகிரி என்றால் காலையில் எங்கள் படுக்கையறை 13, 14 டிகிரியில் இருக்கும். பஞ்சு ரஜாய்ப் போர்வைக்குள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வெளியே வரவேண்டுமே!

எங்கள் பழைய ஏசியை மாற்ற வேண்டி வந்தபோது ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசியில் 'ஹாட் அண்ட் கோல்ட்' மாடலாகப் பார்த்து வாங்கினோம். குளிர் மட்டும் தரும் அதே வகை மாடலைவிட ஏழாயிரம் ரூபாய் போல அதிகம். இந்த ஏழாயிரம் தேறுமா என்பதுதான் எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி. ஏற்கெனவே வீட்டில் 2000 வாட் ஆயில் ஹீட்டர் ஒன்று இருந்ததால் இரண்டையும் ஒரே அறையில் ஓட்டிப் பார்க்க வசதியாகப் போயிற்று.

முதலில் ஒரு எச்சரிக்கை. உங்கள் ஏசி ரிமோட்டில் சூரியன் படம் போட்ட ஹீட் பொத்தான் இருக்கலாம். அதனாலேயே உங்கள் ஏசி சூடு தரும் என்று அர்த்தமில்லை. பல கம்பெனிகள் இரண்டு வகை மாடலுக்கும் ஒரே ரிமோட்டைத்தான் பெட்டியில் போடுகின்றன. இன்டோர் யூனிட்டின் பக்கவாட்டிலோ அவுட்டோர் யூனிட்டிலோ ஒட்டியிருக்கும் விவரச் சீட்டைப் பாருங்கள். கூலிங் திறனுக்குப் பக்கத்தில் ஹீட்டிங் திறன் என்று தனியாக ஒரு எண் இருந்தால்தான் அது சூடும் தரும் ஏசி. அவுட்டோர் யூனிட்டுக்குள் கேஸ் ஓடும் திசையைத் திருப்பிவிடும் நான்கு வழி வால்வு ஒன்று அதில் இருக்கும். மற்றதில் அது இருக்காது, பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் வீண்.

அந்த வால்வு திரும்பியதும் ஏசியின் வேலை தலைகீழாகிவிடுகிறது. கோடையில் அறைக்குள் சில்லென்று இருக்கும் காயில் என்ற குழாய்ச் சுருள் இப்போது சூடாகிறது. வெளியே கொதித்துக்கொண்டிருந்த காயில் இப்போது வெளிக்காற்றைவிடக் குளிர்ந்து போகிறது. வெளியே 7 டிகிரி, காயில் சுழியத்தை ஒட்டி என்றால், அந்த 7 டிகிரிக் காற்றே காயிலுக்குச் சூடுதான். அதிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி உள்ளே கொண்டுவருகிறது. கிணற்று மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை, இருக்கிற தண்ணீரை மேலே ஏற்றுகிறது இல்லையா, அந்தக் கதைதான். தண்ணீர் ஆழத்துக்குப் போகப்போக மோட்டார் அதிகக் கரண்டு இழுக்கும். வெளியே குளிர் கூடக்கூட ஏசியும் அப்படித்தான்.

ஹீட்டர் கதை வேறு. ஆயில் ஹீட்டரோ, ப்ளோயரோ, சிவப்பாக ஒளிரும் ராட் ஹீட்டரோ, எல்லாமே ஒரு யூனிட் கரண்டை ஒரு யூனிட் வெப்பமாக மாற்றுபவை. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. 'ஆயில் ஹீட்டர் கரண்டு கம்மி' என்று கடைக்காரர் சொல்வார். அது தெர்மோஸ்டாட் வைத்து நின்று நின்று ஓடுவதால் அப்படித் தோன்றுகிறது. அதே அறையை அதே சூட்டில் வைக்க ப்ளோயருக்கும் அதே யூனிட்தான் ஆகும். ஏசியோ, வெளியே 7 டிகிரி இருக்கும்போது ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் உள்ளே தரும். 2, 3 டிகிரிக்கு இறங்கிப் பனிமூட்டமும் சேர்ந்தால் இரண்டு, இரண்டேகால்.

இதைக் காகிதத்தில் படிப்பதைவிட மீட்டரில் பார்ப்பது நல்லது. நான் செய்தது ரொம்பச் சாதாரணமான வேலை. படுக்கப் போகுமுன் கீசர், டிவி எல்லாம் அணைத்துவிட்டு, வாசல் மீட்டரில் kWh என்று வரும் எண்ணைக் குறித்துக்கொள்வேன். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஓட்டிவிட்டு மறுபடி பார்ப்பேன். எதுவும் ஓட்டாத ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜும் இதர சில்லறையும் எவ்வளவு தின்கின்றன என்று பார்த்து அதைக் கழித்துக்கொண்டேன். வெளியே ஒரே மாதிரிக் குளிர் இருந்த ராத்திரிகளைத்தான் ஒப்பிட்டேன். அறை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, இரண்டு வெளிச்சுவர், மேலே இன்னொரு வீடு. கட்டில் உயரத்தில் 20 டிகிரி இருக்கும்படி இரண்டையும் வைத்தேன்.

ஆயில் ஹீட்டருக்கு ஒரு ராத்திரிக்கு 9 யூனிட் போல ஆனது. ஏசிக்கு மூன்றரை. முதல் அரை மணி நேரம் ஏசி 1300, 1400 வாட் இழுக்கிறது. அறை சூடானதும் 400 வாட் பக்கத்துக்கு இறங்கிவிடுகிறது. வரி, சர்சார்ஜ் எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் ஹீட்டருக்கு 72 ரூபாய், ஏசிக்கு 28 ரூபாய். ராத்திரிக்கு 44 ரூபாய் மிச்சம். டெல்லியில் இப்படி ஓட்டவேண்டிய ராத்திரிகள் வருஷத்துக்கு ஐம்பது, அறுபது என்றால் இரண்டாயிரத்துச் சொச்சம். ஏழாயிரம் திரும்பிவர மூன்று குளிர்காலம், கொஞ்சம் முன்னே பின்னே.

டெல்லிக்குள் மின் மானியம் வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. மாதம் 200 யூனிட் வரை பில் இல்லை, 201 முதல் 400 வரை பாதி மானியம் (உச்சவரம்பு 800 ரூபாய்), 400ஐத் தாண்டினால் மானியம் மொத்தமும் போச்சு. குளிர்காலத்தில் கீசரோடு சேர்த்து 180 யூனிட் ஓடும் வீட்டில் ஏசி மாதம் 105 யூனிட் சேர்த்தால் 285; பாதி மானியத்துக்குள் நிற்கிறது. ஹீட்டர் 270 சேர்த்தால் 450. ஐம்பது யூனிட் கூடியதற்காக முழு பில்லும் கையைக் கடிக்கும்.

இத்தனை சொன்னதால் ஹீட்டரைக் காயலான் கடைக்குப் போடலாம் என்று நினைக்கவேண்டாம். மிச்சம் என்பது மூடிய அறையை மணிக்கணக்கில் சூடாக வைக்கும்போதுதான். சாயங்காலம் ஒரு மணி நேரம் மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்க 400 வாட் ராட் ஹீட்டரைக் காலருகே வைத்துக்கொண்டால் அரை யூனிட்கூட ஆகாது. அதன் சூடு நேராக உடம்பில் படுகிறது, காற்றைச் சூடாக்கும் வேலையே இல்லை. ஏசிக்கோ அந்த ஒரு மணி நேரத்தில் பாதி, சுவரையும் தரையையும் கட்டிலையும் சூடாக்குவதிலேயே போய்விடும். ஹாலில் எங்கள் வீட்டில் ராட்தான். தனியாகப் படுப்பவருக்கு மின்சாரக் கம்பளி இதையெல்லாம் தோற்கடித்துவிடும். நூறு வாட்டுக்குள் அடங்கும். ராத்திரி முழுக்கப் போட்டாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. ஆனால் குழந்தையோ வயதானவர்களோ ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து பாத்ரூம் போகும் வீடென்றால் அறைக்காற்றே சூடாக இருக்கவேண்டியிருக்கிறது. அங்கேதான் ஏசி.

இனி மக்கர்கள். அப்பா மதுரையிலிருந்து ஜனவரியில் வந்து தங்கியபோது நடுராத்திரியில் எழுப்பினார்.

"ஏம்ப்பா, ஏசி நின்னுபோச்சு போல. காத்தே வரல."

"நிக்கலப்பா. வெளிய பனி உறைஞ்சிருக்கும், அதைக் கரைச்சுக்கிட்டு இருக்கு. அஞ்சு நிமிஷத்துல திரும்ப வந்துரும்."

"கரைக்கிறதுக்கும் அதுவேதானா? யாரு வெந்நி ஊத்துறா?"

கேள்வி நியாயம்தான். வெளியே 5 டிகிரி, கூடவே பனிமூட்டம் என்றால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. சுழியத்துக்குக் கீழே போன காயிலில் அந்த ஈரம் வெண்பனியாகப் படிகிறது. படிந்தால் காற்று புகாது, வெப்பம் கிடைக்காது. அதனால் முக்கால் மணி, ஒரு மணிக்கு ஒரு தடவை ஏசி தானாகவே வால்வைத் திருப்பிக் கொஞ்ச நேரம் கூலிங்கில் ஓடுகிறது. அந்தச் சூடு வெளிக்காயிலுக்குப் போய்ப் பனியைக் கரைக்கிறது. அப்போது உள்ளே ஃபேன் நின்றுவிடும், புஸ்ஸென்று கேஸ் திரும்பும் சத்தம் கேட்கும், அவுட்டோர் யூனிட்டிலிருந்து புகைபோல ஆவி கிளம்பும். முதல்முறை பார்ப்பவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று மெயினை அணைப்பார்கள். அணைக்காதீர்கள்; பாதியில் விட்ட பனி அடுத்த சுற்றில் இன்னும் கெட்டியாகும். ஐந்து முதல் பத்து நிமிஷத்தில் திரும்ப வரும். வந்தவுடனேயும் காற்று வராது. காயில் சூடாகும்வரை உள் ஃபேனை நிறுத்தி வைப்பது, குளிர்காற்று முகத்தில் அடிக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு. ஏசி போட்ட முதல் இரண்டு மூன்று நிமிஷமும் இதே காரணத்தால் அமைதியாக இருக்கும்.

எது சாதாரணப் பனி, எது கோளாறு என்று அவுட்டோர் யூனிட்டைப் பின்பக்கம் பார்த்தால் தெரிந்துவிடும். மெல்லிய வெள்ளைப் பூச்சு காயில் முழுக்கச் சமமாகப் படிந்து, கரைக்கும் சுற்று முடிந்ததும் காணாமல் போனால் சரி. காயிலின் ஒரு பகுதியில் மட்டும் பனி, அல்லது அடிப்பக்கம் கண்ணாடிபோல் ஐஸ் கட்டிக்கொண்டு காலையிலும் அப்படியே நிற்கிறது என்றால் கேஸ் குறைந்திருக்கலாம், இல்லை கரைந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி மறுபடி உறையலாம். கத்தி, ஸ்க்ரூடிரைவர் வைத்துக் குத்திப் பெயர்க்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். காயில் ஓட்டையானால் ரிப்பேர் செலவு பல வருஷ மிச்சத்தை விழுங்கிவிடும்.

கரைந்த தண்ணீர் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கோடையில் தண்ணீர் உள் யூனிட்டில் சேர்ந்து அதற்கென்று போட்ட குழாய் வழியாகப் போகிறது. குளிர்காலத்தில் அந்தக் குழாய் காய்ந்து கிடக்கும். தண்ணீர் அவுட்டோர் யூனிட்டின் அடித்தட்டிலிருந்து சொட்டும். எங்களுடையது மாடிச் சுவரில் மாட்டியது. கீழ் வீட்டு ஆன்ட்டி காயப்போட்டிருந்த ஸ்வெட்டர்கள்மேல் விடிய விடியச் சொட்டி, காலையில் மேலே வந்து சத்தம் போட்டுவிட்டார். இத்தகைய மாடல்களோடு அடித்தட்டு ஓட்டையில் மாட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் முழங்கை தருவார்கள். ஃபிட்டிங் ஆள் கோடையில் வந்ததால் அது தேவையில்லை என்று பெட்டியிலேயே விட்டுப் போயிருந்தார். அதை மாட்டி ஒரு குழாயைச் சேர்த்துவிட்டதும் சமாதானம். வாங்கினால் அந்த முழங்கையை அன்றைக்கே மாட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது, சூடு மேலேயே தங்கிவிடுவது. இன்டோர் யூனிட் கூரைக்குக் கீழே ஓரடியில் இருக்கிறது. சூடான காற்று இறங்க மறுக்கும். இன்டோர் யூனிட் உறிஞ்சுவதும் மேலே இருக்கிற காற்றையே. அதன் சென்சார் 'அறை 22 ஆகிவிட்டது' என்று நினைத்து வேகத்தைக் குறைக்கும்போது கட்டிலில் 18தான் இருக்கும். அலமாரிமேல் ஒரு தெர்மாமீட்டர், கட்டிலருகே ஒன்று வைத்துப் பாருங்கள், தெரியும். காற்றைத் திசைதிருப்பும் தகடான லூவரைக் கோடையில் படுக்கைவாட்டில் வைப்போம், அதை இப்போது நேர் கீழே திருப்பவேண்டும், ஸ்விங்கை நிறுத்தவேண்டும், முதல் அரை மணிக்கு ஃபேன் வேகம் கூடுதலாக இருக்கவேண்டும். பிறகு நடுத்தரத்துக்கு இறக்கலாம். ரிமோட்டிலேயே சென்சார் இருக்கும் மாடல் என்றால் அந்த வசதியைப் போட்டு ரிமோட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வது நல்ல வழி. எங்களுக்கு 23 என்று வைத்தால் கட்டிலில் 20 கிடைக்கிறது. அவசரமாகச் சூடாகட்டும் என்று 30 வைத்துவிட்டுத் தூங்கிவிடுபவர்களுக்குத்தான் 'ஏசியில் ஹீட்டிங் போட்டால் பில் எகிறுது' என்கிற அனுபவம் வருகிறது. உள்ளும் புறமும் உள்ள வித்தியாசம் கூடக்கூட சுவர் வழியாக வெப்பமும் அதிகம் கசியும், கம்ப்ரசரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் குறைவாகவே வெப்பம் தரும்.

கதவடி இடைவெளிக்கு ஒரு பழைய போர்வையைச் சுருட்டி வைத்ததும், ஜன்னலுக்குத் தரைவரை தொங்கும் கனமான திரை போட்டதும் ஏசியின் வேகம் குறைவதை நான் கண்ணாரப் பார்த்தேன். இரண்டுக்கும் ஆன செலவு ஒரு வார ஹீட்டர் பில்லுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் கரியோ கேஸோ எரிக்கும் அறையை இப்படி அடைத்துவிடக் கூடாது. அங்கீட்டி என்கிற கரியடுப்பை உள்ளே வைத்துத் தூங்கி, கார்பன் மோனாக்சைடில் குடும்பத்தோடு இறந்துபோனார்கள் என்ற செய்தி டெல்லிப் பேப்பர்களில் குளிர்தோறும் வருகிறது. ஏசியும் மின்சார ஹீட்டரும் எதையும் எரிப்பதில்லை, அந்த ஆபத்து இவற்றில் இல்லை.

மூக்கு காய்வது பற்றியும் ஒரு வார்த்தை. 'ஆயில் ஹீட்டர் காற்றை உலர்த்தாது' என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். வெளியே 6 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று உள்ளே வந்து 22 டிகிரி ஆனால் அதன் ஈரப்பதம் 35க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். எதை வைத்துச் சூடாக்கினாலும் அதே கணக்குதான். ஏசியிலும் ப்ளோயரிலும் காற்று உடம்பில் அடிப்பதால் அதிகம் காய்வதாகத் தோன்றும். லூவரைக் கட்டிலின் கால்பக்கம் திருப்பிவிடுவதும், 20க்கு மேல் போகாமலிருப்பதும் எங்களுக்குப் போதுமாக இருந்தன.

ஹீட்டரை வைத்துக்கொள்பவர்கள் பிளக்கைப் பாருங்கள். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். அது பெரிய பின் போகும் 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகப் போகவேண்டியது. கன்வெர்ட்டர் போட்டுச் சின்ன சாக்கெட்டிலோ, எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ செருகினால் ஒரு மணி நேரத்தில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சுடும். பழுப்பேறியிருந்தால் அந்த சாக்கெட்டின் ஆயுள் முடிந்தது. ஏசிக்குத் தனி வயர், தனி எம்சிபி ஏற்கெனவே இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

ஃபில்டரை நவம்பரிலும் டிசம்பரிலும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவுகிறோம். அந்த மாதங்களின் புகையும் தூசியும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் வழிந்து ஓடும். ஃபில்டர் அடைத்தால் உள்காயிலின் சூடு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, ஏசி தன்னைக் காத்துக்கொள்ள நின்று நின்று ஓடும்.

சென்னையில் இருப்பவர்கள் இதற்கென்று கூடுதல் பணம் கொடுக்கவேண்டியதில்லை. பெங்களூரில் வெளியே 15 டிகிரி இருக்கும்போது இது அருமையாக ஓடும், ஆனால் ஓட்டவேண்டிய நாட்கள் கொஞ்சம். ஊட்டி மாதிரி உறைபனி விழும் இடமென்றால், எத்தனை டிகிரி வரை ஹீட்டிங் ஓடும் என்று கையேட்டில் போட்டிருக்கும் எண்ணை வாங்குமுன்பே பார்த்துவிடவேண்டும்.

வாங்குபவர்களுக்கு இன்னொன்று. ஏசியை எல்லோரும் ஏப்ரல், மே மாதத்தில்தான் வாங்குகிறோம். மாட்ட வருபவர் கூலிங்கை மட்டும் ஓட்டிக் காட்டிவிட்டுப் போவார். அறை 35 டிகிரியில் இருக்க, ரிமோட்டில் 30க்கு மேல் வைக்க முடியாது என்றால் ஹீட்டிங்கைச் சோதிக்கவும் வழியில்லை. நவம்பரில் ஒரு விடியற்காலையில் 30 வைத்துக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். காற்று வரும் வாயில் தெர்மாமீட்டரைப் பிடித்தால் 40 டிகிரி பக்கத்தில் காட்டவேண்டும். கம்ப்ரசர் ஓடியும் உள் ஃபேன் கிளம்பவே இல்லை, அல்லது குளிர்ந்த காற்று வருகிறது என்றால் நான்கு வழி வால்வோ அதைத் திருப்பும் மின்சுருளோ வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். முதல் வருஷ வாரண்டி முடிய அப்போது இன்னும் ஐந்தாறு மாதம் பாக்கி இருக்கும். அன்றைக்கே புகாரைப் பதிந்துவிடுங்கள்.